திட்டம் போட்டவரும் படிக்க வேண்டியவரும்: திருப்புதல் ஏன் தள்ளிப்போகிறது?

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு மாணவி திருப்புதலுக்கு அட்டவணை போடுகிறாள். அடுத்த திங்கட்கிழமை தொடங்கி நாளுக்கு இரண்டு மணி நேரம் படித்தால், கடைசி வாரத்தில் பழைய வினாத்தாள்களை எழுதிப் பார்க்கவும் நேரம் கிடைக்கும் என்று கணக்கிடுகிறாள். திங்கட்கிழமை வருகிறது, அன்று மட்டும் வேண்டாம், செவ்வாய் தொடங்கலாம் என்று தோன்றுகிறது. செவ்வாயன்றும் அப்படியே. வீட்டில் இருப்பவர்கள் இதைச் சோம்பல் என்பார்கள். அவளே தன்னைத் திட்டிக்கொண்டாலும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துவாள். ஆனால் சோம்பல் என்ற சொல் இங்கே எதையும் விளக்கவில்லை. படிக்கவே விரும்பாதவள் அட்டவணை போட்டிருக்க மாட்டாள். அட்டவணை போட்டபோது அவள் யாரையும் ஏமாற்றவில்லை, தன்னையும் ஏமாற்றிக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை படிப்பதையே அவள் உண்மையில் விரும்பினாள். அந்த விருப்பம் திங்கட்கிழமை வந்ததும் ஏன் தலைகீழாகிறது என்பதுதான் விளக்கப்பட வேண்டிய புதிர்.

பின்னால் வரப்போகும் நன்மையை இன்றைய நன்மையைவிடக் குறைத்து மதிப்பிடுவது எல்லாரிடமும் உள்ள இயல்பு. அப்படிக் குறைக்கும் அளவைப் பொருளியலில் கழிவு என்று சொல்லலாம். பால் சாமுவேல்சன் 1937-ல் முன்வைத்த மாதிரியில், ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் மதிப்பு ஒரே விகிதத்தில் குறைகிறது. இதற்கு அடுக்குக்குறிக் கழிவு என்று பெயர். இந்த மாதிரியின்படி நடப்பவர் பொறுமையற்றவராக இருக்கலாம், ஆனால் முன்னுக்குப் பின் முரணாக நடக்க மாட்டார். இன்றைய பொழுதுபோக்குக்கும் பத்து நாள் கழித்து வரும் மதிப்பெண்ணுக்கும் இடையில் அவர் எதைத் தேர்வாரோ, அதையேதான் ஒரு மாதத்துக்கு முன்பு கேட்டாலும் தேர்ந்திருப்பார். நாட்கள் நெருங்கும்போது இரண்டின் மதிப்பும் ஒரே விகிதத்தில் ஏறுவதால் எது பெரியது என்பது மாறுவதில்லை. ராபர்ட் ஸ்ட்ராட்ஸ் 1950-களின் நடுவில் இதைக் கணிதமாகவே காட்டினார்: கழிவு அடுக்குக்குறி வடிவில் இல்லையென்றால், ஒருவர் இன்று போடும் சிறந்த திட்டத்தை நாளை அவரே மீற விரும்புவார். அதற்குப் புதிய தகவல் எதுவும் வந்திருக்கத் தேவையில்லை. நாள் நகர்ந்தால் போதும்.

மனிதர்களும் விலங்குகளும் காட்டும் கழிவு அந்த நேர்த்தியான வடிவில் இல்லை என்பது ஆய்வுக்கூடங்களில் தெரியவந்தது. ஹோவர்ட் ராக்லினும் லியோனார்ட் கிரீனும் 1972-ல் வெளியிட்ட சோதனையில் புறாக்களுக்கு ஒரு தேர்வு கொடுத்தார்கள். ஒரு விசையைக் கொத்தினால் உடனே இரண்டு வினாடி தீனி கிடைக்கும். மற்றதைக் கொத்தினால் நான்கு வினாடி காத்திருந்த பிறகு நான்கு வினாடி தீனி கிடைக்கும். இந்த இரண்டும் நேருக்கு நேராக வந்தபோது புறாக்கள் ஏறத்தாழ எப்போதும் உடனடித் தீனியையே எடுத்தன. அதே புறாக்களுக்கு, சற்று முன்கூட்டியே, சிறிய தீனிக்கான விசையே கண்ணில் படாதபடி செய்துவிடும் ஒரு வழியையும் கொடுத்தார்கள். அந்த முன்தேர்வுக்கும் தீனிக்கும் இடையிலான காத்திருப்பை நீட்டிக்கொண்டே போனபோது, புறாக்கள் அந்த வழியைத் தேர்வது கூடியது. தூரத்திலிருந்து பார்த்தால் பெரியது, கிட்டே வந்தால் உடனடியானது. அட்டவணை போட்ட மாணவியின் நிலையும் இதேதான் என்றால் அவள் கோபித்துக்கொள்ளக்கூடும். ஆனால் வடிவம் ஒன்றுதான்.

இந்த வடிவத்துக்கு ஜேம்ஸ் மேசர் 1987-ல் ஓர் எளிய சூத்திரம் தந்தார்.

```
V = A / (1 + kD)
```

A என்பது நன்மையின் முழு அளவு, D என்பது எத்தனை நாள் தாமதம், k என்பது ஒருவருடைய பொறுமையின்மையின் அளவு, V என்பது இன்று அவர் மனதில் அதற்குள்ள மதிப்பு. இதை வரைபடமாக வரைந்தால் அதிபரவளையம் கிடைக்கும். ஹைப்பர்பாலிக் டிஸ்கவுண்டிங் என்று சொல்லப்படும் அதிபரவளையக் கழிவு என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. நண்பர்களோடு கழிக்கும் ஒரு மாலையின் மதிப்பு 40 என்றும், அந்த மாலை படித்திருந்தால் அதற்குப் பத்து நாள் கழித்துக் கிடைக்கும் பலனின் மதிப்பு 100 என்றும், k-யின் மதிப்பு 0.2 என்றும் வைத்துக்கொள்வோம். அந்த மாலை வருவதற்குப் பத்து நாள் முன்பு பார்த்தால், பொழுதுபோக்கின் மதிப்பு 40-ஐ 3-ஆல் வகுக்க ஏறத்தாழ 13. படிப்பின் மதிப்பு 100-ஐ 5-ஆல் வகுக்க 20. படிப்பே வெல்கிறது. அந்த மாலையே வந்துவிட்டபோது பொழுதுபோக்குக்கு எந்தக் கழிவும் இல்லை, முழு 40. படிப்பின் பலன் இன்னும் பத்து நாள் தொலைவில் இருப்பதால் 100-ஐ 3-ஆல் வகுக்க ஏறத்தாழ 33. இப்போது பொழுதுபோக்கு வெல்கிறது. இரண்டு நாள் முன்புவரை படிப்பின் பக்கம் நின்ற தராசு, கடைசி ஒன்றரை நாளில்தான் சாய்கிறது. திட்டம் தீட்டும்போது படிப்பு வென்றதும் உண்மை, அந்த மாலையில் தோற்றதும் உண்மை. இரண்டும் ஒரே சூத்திரத்தின் விளைவுகள்.

இந்த வளைவு முழுவதையும் கையாள்வது கடினம் என்பதால், டேவிட் லைப்சன் 1997-ல் இன்னும் எளிய வடிவம் ஒன்றைப் பரவலாக்கினார். இன்று, இன்று அல்லாதவை என்று காலத்தை இரண்டாகப் பிரித்து, இன்று அல்லாத எல்லாவற்றையும் பீட்டா என்ற ஒரே எண்ணால் பெருக்கிவிட வேண்டும்; மீதியை வழக்கமான கழிவு பார்த்துக்கொள்ளும். பீட்டா 1 என்றால் அந்தச் சாய்வே இல்லை. 0.7 என்றால் நாளைய 100 இன்றைய 70 போலத் தெரிகிறது. நிகழ்காலச் சார்பு என்று சொல்வது இந்த எண் 1-க்குக் கீழே இருப்பதைத்தான். படிப்பு விஷயத்தில் இது நன்மையைவிட வலிக்குத்தான் அதிகம் பொருந்தும் என்பது என் கருத்து. புத்தகத்தைத் திறந்து புரியாத பாடத்தோடு உட்காரும் வலி இன்று என்றால் முழு அளவில் தெரிகிறது. நாளை என்றால் பத்தில் ஏழு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

இப்போது ஒரு வாரத்தை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். கணிதத்தில் கடினமான ஒரு பாடத்தை ஒரே அமர்வில் உட்கார்ந்து முடிக்க வேண்டும். தேர்வு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. இந்த ஞாயிறே முடித்தால் அதன் சுமை 20 என்று கொள்வோம். தள்ளிப்போடப் போட மற்றப் பாடங்களோடு மோதுவது, சந்தேகம் கேட்க ஆள் இல்லாமல் போவது, தூக்கம் கெடுவது ஆகியவற்றால் சுமை ஏறுகிறது: திங்கள் 22, செவ்வாய் 25, புதன் 29, வியாழன் 35, வெள்ளி 43, சனி 55. நம் மாணவியின் பீட்டா 0.7. வேறு கழிவு எதுவும் அவளுக்கு இல்லை. அதாவது நிகழ்காலத்தின் பக்கம் சாய்வதைத் தவிர அவள் முழுக்கப் பொறுமைசாலி.

ஞாயிறு காலை அவள் ஒப்பிடுகிறாள். இன்று முடித்தால் 20. நாளை முடித்தால் 22-இல் பத்தில் ஏழு பங்கு, அதாவது 15.4. நாளையே நல்லது. சரி, நாளைக்குப் பதில் செவ்வாயன்று முடித்தால்? 25-இல் பத்தில் ஏழு பங்கு 17.5, நாளையைவிட மோசம். ஆகவே அவளுடைய முடிவு தெளிவானது, நேர்மையானது: திங்கள் கண்டிப்பாக, அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. தள்ளிப்போடுபவர்கள் எப்போதும் “நாளை” என்றுதான் சொல்கிறார்களே தவிர “அடுத்த வாரம்” என்று சொல்வதில்லை என்பதன் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. நாளைக்கும் நாளை மறுநாளுக்கும் இடையே அவளிடம் எந்தச் சாய்வும் இல்லை. இரண்டும் எதிர்காலம், இரண்டுக்கும் ஒரே கழிவு.

திங்கள் விடிகிறது. திங்கள் இப்போது இன்றாகிவிட்டது, சுமை 22. செவ்வாய் 17.5. எனவே செவ்வாய். செவ்வாயன்று 25-க்கு எதிராகப் புதனின் 20.3. புதனன்று 29-க்கு எதிராக வியாழனின் 24.5. வியாழனன்று 35-க்கு எதிராக 30.1. வெள்ளியன்று 43-க்கு எதிராக 38.5. சனிக்கிழமை தள்ளிப்போட நாள் இல்லாததால் 55 அளவு சுமையைச் சுமந்து முடிக்கிறாள். 20-க்கு முடிந்திருக்க வேண்டிய வேலை அது. ஆறு நாளும் அவள் எடுத்த ஒவ்வொரு முடிவும் அந்த நாளில் நின்று பார்த்தால் நியாயமாகவே தெரியும். ஒரு நாள் தள்ளியதால் ஏறிய சுமை ஒரு முறை 2, ஒரு முறை 3, பெரும்பாலான நாட்களில் அவ்வளவு பெரிதல்ல. கெடுதல் முழுவதும் கூட்டலில்தான் ஒளிந்திருந்தது.

ஜார்ஜ் அகெர்லாஃப் 1991-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் தன் கதையையே சொல்கிறார். அவர் இந்தியாவில் ஓராண்டு தங்கியிருந்தபோது, ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் விட்டுச்சென்ற துணிப்பெட்டி ஒன்றை அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. எட்டு மாதங்களுக்கு மேல் ஒவ்வொரு காலையும், நாளைக் காலை அனுப்பிவிடுவது என்று அவர் முடிவெடுத்துக்கொண்டே இருந்தார். இந்த இருவரும் 2001-ல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். அறிவுக்கும் இந்தக் கோளாறுக்கும் அவ்வளவு தொடர்பில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

மாணவியின் வாரத்தில் உண்மையில் தவறானது எது? பீட்டா 0.7 என்பது ஒரு காரணம். ஆனால் அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. டெட் ஓடொனாஹூவும் மேத்யூ ராபினும் 1999-ல் வெளியிட்ட கட்டுரையின் மையம் அதுதான். ஞாயிறன்று அவள், திங்கட்கிழமை வரும் தன்னிடம் இந்தச் சாய்வு இருக்காது என்று நம்பினாள். இப்படி நம்புபவரை வெள்ளந்தி என்போம். தன் சாய்வு நாளையும் இருக்கும் என்று அறிந்தவரை விவரமறிந்தவர் என்போம். இரண்டாமவருக்கும் அதே 0.7, அதே சுமைகள். வேறுபாடு நம்பிக்கையில் மட்டும்.

விவரமறிந்தவள் கடைசியிலிருந்து எண்ணத் தொடங்குகிறாள். சனிக்கிழமை வந்துவிட்டால் செய்தே ஆக வேண்டும். வெள்ளியன்று நிற்கும் தான் 43-ஐயும் 38.5-ஐயும் ஒப்பிட்டுத் தள்ளிப்போடுவாள் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே வியாழனன்று தள்ளிப்போடுவது என்பது வெள்ளிக்குத் தள்ளுவதல்ல, நேரே சனிக்குத் தள்ளுவது: 35-க்கு எதிராக 55-இல் பத்தில் ஏழு பங்கு, 38.5. வியாழனன்று செய்துவிடுவாள். வியாழன் செய்யும் என்று தெரிந்தால் புதன் தள்ளிப்போடும். 29-க்கு எதிராக 24.5. செவ்வாயும் மயிரிழையில் தள்ளிப்போடும், ஏனென்றால் 25-க்கு எதிராக நிற்பது வியாழனின் அதே 24.5. திங்களன்றும் தள்ளிப்போட்டால் வேலை வியாழனில்தான் போய் விழும். ஆனால் 22 என்பது 24.5-ஐவிடக் குறைவு, ஆகவே திங்களன்று செய்வாள். இதை அறிந்த ஞாயிறு மட்டும் நிம்மதியாகத் தள்ளிப்போடுகிறது. அவள் 22-க்கு வேலையை முடிக்கிறாள். வெள்ளந்தி 55-க்கு முடிக்கிறாள். பொறுமையின்மை இருவருக்கும் ஒன்றாக இருக்க, சேதம் மட்டும் இவ்வளவு வேறுபடுகிறது. நாளைய தன் மீது வைத்த நம்பிக்கைதான் மாணவியைக் கவிழ்த்தது என்று சொல்வது மிகையல்ல.

தேர்வு வெகுதூரத்தில் இருக்கும்போது இது இன்னும் கடுமையாகிறது. அறுபது நாளில் பரப்பி வைத்த பாடத்தை ஐம்பத்தொன்பது நாளில் படித்தால் ஒவ்வொரு நாளின் பங்கும் இரண்டு விழுக்காடுகூட ஏறுவதில்லை. அந்த நிலையில் பீட்டா 0.9 போன்ற மெல்லிய சாய்வே தொடக்கத்தைத் தள்ளிவைக்கப் போதும். நான்கு நாள் மூன்றாகும்போதுதான் பங்கு மூன்றில் ஒன்று கூடுகிறது. தாமதத்தின் விலை கண்ணுக்குத் தெரிகிறது. முன்கூட்டியே தொடங்குவது கடினமாக இருப்பதற்கும் கடைசி நாட்களில் திடீரென்று வேகம் பிறப்பதற்கும் இதுவே காரணம். அந்த வேகத்தைப் பார்த்து “நெருக்கடியில்தான் எனக்குப் படிப்பு வரும்” என்று முடிவுகட்டுவது கணக்கைத் தலைகீழாகப் படிப்பது.

0.9 என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. நெட் ஆகன்பிளிக், மூரியல் நீடர்லே, சார்லஸ் ஸ்பிரெங்கர் ஆகியோர் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், மங்கலாகத் தெரியும் கிரேக்க எழுத்துக்களைப் படியெடுப்பது போன்ற சலிப்பூட்டும் வேலைகளை மாணவர்களுக்குக் கொடுத்து, அவற்றை இரண்டு நாட்களுக்கு இடையே பங்கிடச் சொன்னார்கள். பங்கீட்டை ஒரு முறை முன்கூட்டியே கேட்டார்கள். முதல் வேலைநாள் வந்ததும் மறுபடி கேட்டார்கள். முன்கூட்டிக் கேட்டபோது முதல் நாளுக்கு ஒதுக்கிய வேலை, அந்த நாளே வந்தபின் ஒதுக்கியதைவிடச் சுமார் 9 விழுக்காடு அதிகமாக இருந்தது. இதிலிருந்து அவர்கள் கணித்த பீட்டா ஏறத்தாழ 0.9. பணத்தைப் பங்கிடச் சொன்னபோது இந்தச் சாய்வு மிகக் குறைவாகவே தெரிந்தது. பணம் கையில் வரும் நாளும் அதைச் செலவழித்து அனுபவிக்கும் நாளும் வேறாக இருக்கலாம். வேலையின் வலியோ செய்யும் கணத்திலேயே தீர்ந்துவிடுகிறது. படிப்பு இந்த இரண்டாம் வகை.

இந்த ஆய்வு முறையே, தாமதத்துக்குக் காரணம் நிகழ்காலச் சார்பா வேறொன்றா என்று அறியும் வழியையும் காட்டுகிறது. அடுத்த புதன்கிழமை எத்தனை மணி நேரம் படிக்க விரும்புகிறாள் என்று இன்றே எழுதிவைத்து, புதனன்று காலை அதே கேள்வியை மறுபடி கேட்க வேண்டும். இடையில் உடல்நலக் குறைவோ புது வேலையோ எதுவும் வராமலேயே எண் குறைந்து, அதே சமயம் வியாழனுக்கு உரிய எண் குறையாமல் இருந்தால், அது நிகழ்காலச் சார்பின் அடையாளம். ஒரு வாரம் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஒரு புதன் எதனாலும் கெடலாம்.

படித்த நேரம் திட்டமிட்டபடியே இருந்து பாடம் மட்டும் முடியவில்லை என்றால் அது வேறு கோளாறு. ரோஜர் பியூலரும் அவரது கூட்டாளிகளும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், பட்ட ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று கணித்த மாணவர்களுக்கு உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது. அங்கே தவறியது வேலையின் அளவைப் பற்றிய மதிப்பீடு. இந்தக் கோளாறும் நிகழ்காலச் சார்பும் ஒரே மாணவரிடம் சேர்ந்து இருக்கலாம், ஆனால் ஒன்றுக்கான மருந்து மற்றதைத் தீர்க்காது. தோல்வி பயத்தால் புத்தகத்தையே திறக்க முடியாமல் இருப்பவரையும் பீட்டா என்ற ஒற்றை எண்ணுக்குள் அடைத்துவிட முடியாது. நாளைய திட்டத்தை நினைத்தாலே கலங்குபவரிடம், தூரத்தில் தெளிவு, கிட்டத்தில் மனமாற்றம் என்ற அடையாளமே இருப்பதில்லை.

விவரமறிந்தவர் தன்னைக் கட்டிப்போட வழி தேடுவார் என்று ஸ்ட்ராட்ஸ் அன்றே எழுதியிருந்தார். டேன் ஏரியலியும் கிளாஸ் வெர்டன்புரோக்கும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதை வகுப்பறையில் சோதித்தது. ஒரு பிரிவு மாணவர்கள் மூன்று கட்டுரைகளுக்கான கெடு நாட்களைத் தாங்களே குறித்துக்கொள்ளலாம். தாமதமானால் நாளுக்கு 1 விழுக்காடு மதிப்பெண் குறையும். கெடு குறிப்பதால் மதிப்பெண்ணில் எந்த லாபமும் இல்லை, நட்டம் மட்டுமே உண்டு. எனவே சாய்வில்லாதவர் மூன்றையும் கடைசி நாளுக்கே வைப்பார். பெரும்பாலானோர் அப்படி வைக்கவில்லை. முன்னதாகவே கெடு குறித்தார்கள். தங்கள் பலவீனத்தை அவர்கள் ஓரளவு அறிந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் ஆசிரியரே சம இடைவெளியில் கெடு விதித்த பிரிவுதான் கூடுதல் மதிப்பெண் பெற்றது. தானாகக் குறித்தவர்கள் கெடுக்களைச் சரியாகப் பரப்பவில்லை. தன் சாய்வு இருக்கிறது என்று தெரிந்தும் அதன் அளவைக் குறைத்து மதிப்பிடும் அரைவெள்ளந்தித்தனம் என்று இதை வாசிக்கலாம். நம்மில் பலர் இருப்பது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

கட்டுப்பாட்டின் அளவைவிட அது எப்போது வந்து தைக்கிறது என்பது முக்கியம் என்பதையும் மாணவியின் வாரத்தை வைத்தே பார்க்கலாம். ஞாயிறன்று அவளுக்கு வித்தியாசம் 20-க்கும் 15.4-க்கும் இடையே 4.6. தள்ளிப்போட்ட அன்றே 5 அளவு இழப்பு வரும் என்றால், உதாரணமாக அன்று மாலையே படிப்புத் தோழியிடம் விடைத்தாளைக் காட்ட முடியாமல் நிற்க வேண்டும் என்றால், ஞாயிறே வேலை முடிந்துவிடும். மற்ற நாட்களின் வித்தியாசங்களையும் கழித்துப் பார்த்தால் எல்லாமே 5-க்குக் கீழேதான் இருக்கின்றன. ஆகவே அதே சிறிய இழப்பு வாரத்தின் எந்த நாளிலும் போதும். அதே இழப்பை மறுநாளுக்கோ தேர்வு நாளுக்கோ தள்ளிவைத்தால் அதுவும் பத்தில் ஏழு பங்காகச் சுருங்கி 3.5 ஆகிவிடும், வேலை நடக்காது. ஏறத்தாழ 7 தேவைப்படும். பெற்றோரும் ஆசிரியர்களும் வழக்கமாக நீட்டும் மிரட்டல், மதிப்பெண் குறைந்தால் பிறகு பார் என்பது. அந்தப் “பிறகு” என்ற சொல்லே மிரட்டலின் எடையைக் குறைத்துவிடுகிறது.